அம்மாவின் பட்டுச்சேலையில் மகளுக்குப் பாவாடை: கத்திரி வைப்பதற்கு முன்

பழைய பட்டுச்சேலையை வெட்டிக் குழந்தைக்குப் பாவாடை சட்டை தைக்கக் கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இரண்டு கேள்விதான் கேட்பார்கள். துணி போதுமா, கூலி எவ்வளவு. சேலையில் அவ்வளவு அழகாக இருந்த கரை குழந்தையின் உடம்பில் எப்படி உட்காரும் என்று யாரும் கேட்பதில்லை. தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கும்போதுதான் 'என்னவோ குள்ளமாத் தெரியுறா' என்பார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது, பட்டு வெட்டப்பட்டிருக்கும்.

டிசைன் வகுப்பில் சமநிலை, லயம், அழுத்தம், விகிதம் என்று நான்கைச் சொல்லிக் கொடுப்பார்கள். மாணவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு பட்டுப்பாவாடையை எடுத்துக்கொண்டு அந்த நான்கும் அதில் எங்கே வேலை செய்கின்றன என்று சொல்லிப் பார்க்கிறேன். சமீபத்தில் என் தையல் மேசைக்கு வந்த ஒரு கோர்வைச் சேலை, அதாவது கரையை வேறு நிறத்தில் உடலோடு கோர்த்து நெய்த சேலை, இதற்குச் சரியாக இருக்கும். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தி. அகலம் 46 அங்குலம். கீழ்க்கரை 10 அங்குலம், மேல்கரை 4 அங்குலம். ஓர் அம்மாவின் கல்யாணச் சேலை, ஆறு வயது மகளுக்குப் பாவாடையாக வேண்டும்.

விகிதத்தில் ஆரம்பிக்கலாம். பெரும்பாலான பாவாடைகள் இங்கேதான் கெடுகின்றன.

அந்தப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம். சட்டை உயரம் 13 அங்குலம், அதில் 3 அங்குலம் இடுப்புக்குக் கீழே பாவாடையின் மேல் விழும். ஆக வெளியே தெரியும் பாவாடை 23 அங்குலம்தான். பத்து அங்குலக் கரை அதில் உட்கார்ந்தால் பச்சைக்கு 13 மிஞ்சும். வழக்கம்போல முந்தியிலிருந்து அரக்குச் சட்டையும் தைத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே அரக்கு 13, நடுவில் பச்சை 13, கீழே அரக்கு 10. கிட்டத்தட்ட சமமான மூன்று பட்டைகள். மூன்றில் எதுவும் பெரியது இல்லை, சிறியதும் இல்லை. கண் ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று இறங்கும். குழந்தை குட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். சேலையில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அங்கே அதே பத்து அங்குலம் ஐந்தடிக்கு மேல் உயரமுள்ள ஒரு பெண்ணின் மேல் இருக்கிறது. கரை மாறவில்லை, ஆள் மாறிவிட்டாள்.

சரி, வேறு என்ன செய்யலாம்? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சேலையைத் தலைகீழாகப் பிடித்து நாலு அங்குல மேல்கரையைப் பாவாடையின் அடிக்குக் கொண்டுவருவது. அப்போது அரக்கு 13, பச்சை 19, அரக்கு 4. பச்சை தெளிவாகப் பெரியது, கரை தெளிவாகச் சிறியது. பிள்ளை உடனே உயரமாகத் தெரிவாள். இன்னொன்று, பெரிய கரையை அப்படியே வைத்துக்கொண்டு சட்டையைப் பச்சையில் தைப்பது. அப்போது தோளிலிருந்து கரை வரை 26 அங்குலம் ஒரே பச்சை, கீழே 10 அங்குலம் அரக்கு. கரை கனமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று துண்டு இரண்டு துண்டாகிவிட்டது, அதிலும் ஒன்று மற்றதைப்போல இரண்டரை மடங்கு. துணிக்கும் பஞ்சம் இல்லை. பாவாடைச் சுற்றுக்கு நூறு அங்குலம் போனாலும் முந்தியோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று மீட்டர் முழு அகலத்தில் மிச்சம் இருக்கும்.

மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு என்று வகுப்பில் கணக்குச் சொல்வார்கள். நான் அதை அளந்து தைப்பதில்லை. ஒரு பகுதி மற்றதைவிடச் சந்தேகம் இல்லாமல் பெரியதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நிறத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சேலை பாட்டில் பச்சையாக இருந்திருந்தால் அந்த மூன்று பட்டை அவ்வளவு உறுத்தியிருக்காது, இரண்டுமே அடர்த்தியான நிறம் என்பதால் தூரத்தில் ஒன்றாகவே கலந்துவிடும். கிளிப்பச்சை வெளிர், அரக்கு அடர்த்தி. அதனால்தான் இங்கே ஒவ்வொரு எல்லையும் வெட்டினது போலத் தெரிகிறது. செல்போனில் படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எந்தக் கோடு நிற்கிறது, எது மறைகிறது என்று தெரிந்துவிடும்.

அம்மா பெரிய கரைதான் வேண்டும் என்றார். அவருக்கு அந்தச் சேலை என்றாலே அந்தக் கரைதான். நியாயம். அதனால் பச்சைச் சட்டை என்று முடிவானது. இதில் இன்னொரு நல்லதும் உண்டு. பிள்ளை வளர வளரக் கரை அதே பத்து அங்குலமாகவே இருக்கும், பச்சை மட்டும் கூடும். இரண்டாம் வருஷம் இந்தப் பாவாடை இன்னும் அழகாக இருக்கும்.

இனி லயம். பாவாடையில் லயம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. நெசவில் வந்த புட்டா ஒன்று, நாம் பிடிக்கும் மடிப்பு இன்னொன்று. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இந்தச் சேலையில் ஒரு வரிசையில் புட்டாவுக்குப் புட்டா 4 அங்குலம். அடுத்த வரிசை 2 அங்குலம் தள்ளி ஆரம்பிக்கும். வழக்கமாகக் கை போன போக்கில் மடிப்புப் பிடித்தால் ஒரு மடிப்புக்கு நாலரை அங்குலம் துணி போகும் என்று வையுங்கள். முதல் மடிப்பின் முகத்தில் புட்டா நடுவில் இருக்கும். அடுத்ததில் அரை அங்குலம் தள்ளியிருக்கும், அதற்கடுத்ததில் பாதி மடிப்புக்குள் போய்விடும், அப்புறம் காணவே காணாது, சுற்றிவந்து மறுபடி தலைகாட்டும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, துணி கசங்கலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

அதனால் மடிப்பின் அளவை நெசவிடம் கேட்க வேண்டும். புட்டா இடைவெளி 4 என்றால் மடிப்புக்கும் 4 அங்குலம். நூறு அங்குலத்தில் 25 மடிப்பு வரும். பாவாடை இடுப்பு 22 அங்குலம். தையல் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு மடிப்புக்கு வெளியே ஏழு நூல் தெரிய வைத்தால் 25 மடிப்புக்கு 21 அங்குலம் ஏழு நூல், கச்சிதம். இப்போது முதல் வரிசைப் புட்டா ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். தள்ளி ஆரம்பிக்கும் இரண்டாம் வரிசை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், பிள்ளை நடக்கும்போது, சுற்றும்போது மடிப்பு விரிந்து அது வெளியே வரும். நிற்கும்போது ஒரு வரிசை, ஓடும்போது இரண்டு வரிசை. இதற்காகக் கூடுதலாகத் துணியோ காசோ எதுவும் செலவாவதில்லை. சாக்கட்டியால் இடுப்பு ஓரத்தில் நாலு நாலு அங்குலத்துக்குக் குறி போடும் நேரம் மட்டும்தான். புட்டா இடைவெளி ஆறு ஏழு அங்குலம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அப்போது இடைவெளிக்கு இரண்டு மடிப்பு என்று பிடிக்கலாம், ஒரு மடிப்பு விட்டு ஒரு மடிப்பில் புட்டா வரும். அதுவும் லயம்தான்.

மடிப்பின் திசை சமநிலையைச் சேர்ந்தது. எல்லா மடிப்பையும் ஒரே பக்கம் திருப்பினால் முன்பக்கம் பார்க்கும்போது பாவாடை ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பது போல இருக்கும். முன் நடுவில் தொடங்கி இடதும் வலதுமாகப் பிரித்துவிட்டால் நேராக நிற்கும். திறப்பும் மடிப்புகள் சந்திக்கும் இடமும் பின்னால் போய்விடும்.

சமநிலையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, நிஜமான எடை. பத்து அங்குலச் சரிகைக் கரை கீழே இழுக்கும். ஆறு வயதில் இடுப்பு வளைவு கிடையாது, நாடா கட்டினால் பாவாடை நழுவும், நழுவாமல் இறுக்கினால் வயிற்றில் தடம் விழும். விழா முழுக்கப் பிள்ளை பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தால் நாம் பார்த்த கணக்கு எதுவும் நிற்காது. கரை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். எனவே இந்த வயதுக்குப் பருத்தித் துணியில் கையில்லாத பாடி வைத்து அதில் பாவாடையைச் சேர்த்துவிடுவேன். எடை தோளுக்குப் போய்விடும். வளர்த்திக்காகப் பிடிக்கும் டக்கையும் அந்தப் பாடியிலேயே பிடிப்பது நல்லது. பலர் கரைக்கு மேலேயே பட்டில் டக் பிடிக்கச் சொல்வார்கள். அது கரையின் மேல் ஓரத்தில் இருக்கும் கோபுரக் கூர்களுக்குப் பக்கத்தில், நெசவில் இல்லாத ஒரு கோட்டைப் போட்டுவிடும், பின்னால் பிரித்தாலும் ஊசித் துளை பட்டில் அப்படியே நிற்கும். பாடியில் பிடித்தால் ஒன்றரை இரண்டு அங்குலம் வரை இறக்கலாம், தடம் வெளியே தெரியாது. அதற்கு மேல் இறக்கினால் சேர்ப்புத் தையல் சட்டைக்குக் கீழே எட்டிப்பார்க்கும்.

அழுத்தம் கடைசியாக வருகிறது, ஆனால் வாடிக்கையாளரோடு அதிகம் பேச வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான். அந்த அம்மா போனில் ஒரு படம் வைத்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஆரி வேலை, கையில் கரை, முதுகில் குஞ்சலம். எல்லாமே தனித்தனியாக அழகுதான். ஆனால் இந்தப் பாவாடையில் கண் முதலில் போகும் இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, கீழே பத்து அங்குலச் சரிகை. அதோடு போட்டி போடுகிற எதை மேலே வைத்தாலும் பார்வை இரண்டுக்கும் நடுவே அலையும், முகம் இடையில் காணாமல் போகும்.

கையில் கரை வைப்பதில் இன்னும் ஒரு சிக்கல். பிள்ளைக்குக் கை நீளம் 5 அங்குலம். மிச்சத் துணியில் இருக்கும் நாலு அங்குல மேல்கரையை வைத்தால்கூடக் கை முழுக்கச் சரிகையாகிவிடும், அக்குளில் உராய்ந்து குத்தும். பெரிய கரையிலிருந்து வெட்டினால் அதில் நெய்திருக்கும் அன்னத்தின் தலை ஒரு கையிலும் வால் இன்னொரு கையிலும் போகும். சிறிய கரையின் விளிம்போடு சேர்ந்த ஒரு முழு வரிசையை, அதாவது ஒன்றரை அங்குலத்தை மட்டும், வெட்டிக் கை முனையில் வைத்தோம். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். கழுத்துக்கு அரக்கில் இரண்டு நூல் அகலத்துக்குப் பைப்பிங், வேறொன்றும் இல்லை. கீழே இருக்கிற அரக்கு மேலே இரண்டு இடத்தில் மெலிதாக எதிரொலிக்கும், அதனால் கண் கரையில் தொடங்கி முகத்தில் வந்து நிற்கும். ஆரி வேலைதான் வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்திருந்தால் நாலு அங்குலக் கரை பக்கம் போயிருப்பேன். அழுத்தத்தை மேலே கொண்டுபோனால் கீழே குறைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் வெட்டாமலே பார்த்துவிடலாம். சேலையைப் பிள்ளையின் இடுப்பில் கணுக்கால் அளவுக்குப் பிடித்து, மிச்சத்தைப் பின்னால் மடித்துக் குத்துங்கள். நினைத்திருக்கும் சட்டை நிறத்தில் ஏதாவது ஒரு துணியை மார்பில் வையுங்கள். பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மேல்கரையை ஒரு முறை, கீழ்க்கரையை ஒரு முறை. கூடவே துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடித்து வைத்த தடங்களில் இழை விட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். அப்படி ஒரு கோடு இருந்தால் அது பாவாடையின் முன் நடுவில் வராமல் வெட்டை நகர்த்தச் சொல்லி உங்கள் தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.