ஒரு டம்ளர் ஜூஸ் பிள்ளையின் குடலில் என்ன செய்கிறது?

குளச்சலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு வயது, எடை பதினொரு கிலோ. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீராக வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. ஓ.ஆர்.எஸ். கரைசலை வாயில் வைத்ததும் துப்பிவிட்டான். அதனால் கடையிலிருந்து டப்பா ஆப்பிள் ஜூஸ் வந்தது, சாயங்காலம் ஒரு கலர் சோடாவும் வந்தது.

"உப்புத் தண்ணியத் துப்புதான், ஜூஸுன்னா ஆசையாக் குடிக்கான். எப்படியும் தண்ணி உள்ள போனாச் சரிதானே?" என்றார் அவனுடைய அம்மச்சி.

நியாயமான கேள்விதான். ஆனால் வாய்வழியாகப் போன தண்ணீர் உடம்புக்குள் போய்விட்டதாக அர்த்தமில்லை. குடல் என்பது உடம்புக்கு நடுவே ஓடும் ஒரு குழாய். அதன் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போனால்தான் அந்தத் தண்ணீர் நம்முடையது.

அந்தச் சுவரால் தண்ணீரை நேரடியாக இழுக்க முடியாது. அது உப்பை, அதாவது சோடியத்தை, இழுக்கும். சோடியம் போகும் பக்கம் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். சிறுகுடல் செல்களில் இதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது, SGLT1 என்ற புரதம். அது இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே விடும். ஒன்று இல்லாமல் மற்றது வந்தால் வாசல் திறக்காது. இந்தக் கூட்டணியை 1960-இல் முதலில் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன். வயிற்றுப்போக்கில் உப்பை உறிஞ்சும் வேறு வழிகள் தடுமாறினாலும், இந்த வாசல் பெருமளவுக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது. காலராவில்கூட அப்படித்தான். ஓ.ஆர்.எஸ். நிற்பது முழுக்க இந்த ஒரு வாசலை நம்பித்தான்.

ஆகவே அதில் இருக்கும் குளுக்கோஸ் தெம்புக்காகப் போட்டதில்லை, சோடியத்துக்குத் துணையாகப் போட்டது. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சோடியமும் குளுக்கோஸும் எண்ணிக்கையில் சமமாக, லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் இருக்கின்றன. கரைந்திருக்கும் எல்லாத் துகள்களின் மொத்த அடர்த்தி இதே அளவுகோலில் லிட்டருக்கு 245. நம் ரத்தத்தில் அது ஏறத்தாழ 290. குடலில் இருப்பது ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்ததாக இருப்பதால், தண்ணீர் ரத்தத்தின் பக்கம் சரிகிறது.

இப்போது அம்மச்சி கொடுத்த ஜூஸைப் பார்ப்போம். ஒரு 200 மில்லி டம்ளரில் சுமார் 22 கிராம் சர்க்கரை. அதே டம்ளர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 2.7 கிராம். ஜூஸில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். துகள் அடர்த்தியோ 700-ஐ ஒட்டி வரும். வாசலுக்கு வேண்டிய ஜோடி இல்லை, சர்க்கரை மட்டும் கூட்டமாக வந்து நிற்கிறது. குடல் இவ்வளவு அடர்த்தியை அப்படியே விட்டுவைக்காது. ரத்தத்திலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அதை நீர்க்கச் செய்யும். சர்க்கரை கொஞ்சம்கூட உறிஞ்சப்படவில்லை என்று வைத்துக்கொண்டால், 700-இல் இருக்கும் 200 மில்லி 290-க்கு இறங்க ஏறக்குறைய 480 மில்லி ஆக வேண்டும். குடித்தது 200 மில்லி, உடம்பிலிருந்து இறங்குவது 280. உண்மையில் ஒரு பகுதி சர்க்கரை உறிஞ்சப்பட்டுவிடுவதால் இழப்பு இவ்வளவு போகாது. ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது அல்லவா?

ஆப்பிள் ஜூஸில் கூடுதலாக ஒரு வம்பு. அதன் சர்க்கரையில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ். அது வேறொரு வாசல் வழியாகப் போகிறது, சோடியத்தைக் கூட்டிப்போவதில்லை. சார்பிட்டால் என்ற பொருளும் உண்டு, அது சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய் அங்கேயும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கலர் சோடா கதையும் இதே சர்க்கரைக் கதைதான். வாயுவை ஆற்றிவிட்டுக் கொடுத்தால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். வாயு போகும், சர்க்கரை போகாது.

பையனுக்கு நடந்ததும் இதுதான். சனிக்கிழமை காலையில் போக்கு அதிகமானது. கண் உள்வாங்கியிருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார்கள். பதினொரு கிலோவுக்கு ஏறக்குறைய 825 மில்லி. அங்கேயே உட்காரவைத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை வாந்தியெடுத்தான். பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடர்ந்தார்கள். பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ கதை வேறு. அப்போது ஸ்பூனோடு உட்கார்ந்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் கலக்கும் இடத்தில். சுமார் 21 கிராம் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, நான்கு கிராம் சொச்சம் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் சோடியம் ஐந்து மடங்காகி மூளையையே பாதிக்கலாம். பாதிப் பாக்கெட்டை இன்றைக்கு, பாதியை நாளைக்கு என்பதும் வேண்டாம். கலந்தது 24 மணி நேரத்துக்குமேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ருசிக்காகச் சர்க்கரையோ ஜூஸோ சேர்த்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

நம்மூரில் இளநீருக்குத் தனி மரியாதை உண்டு. அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் மிகக் குறைவு. லேசான போக்குக்குக் கூடவே கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக நிற்காது. அக்கானி, அதாவது பதநீர், ஜூஸின் கட்சி, அவ்வளவு இனிப்பு. என் ஓட்டு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணிக்கு. அரிசி மாவுச்சத்து பெரிய பெரிய மூலக்கூறுகளாக இருப்பதால் துகள் எண்ணிக்கையைக் கூட்டாது. குடல் சுவரில் மெல்ல உடைந்து குளுக்கோஸை விடும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, மட்டிப்பழம் தின்பவனுக்கு மட்டிப்பழமும் கொடுக்கலாம்.

கனடாவில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழப்பே பெரிதாக இல்லாத பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸ் நன்றாகவே வேலை செய்தது. அது உண்மை. ஆனால் அங்கே ஜூஸைப் பாதியாக நீர்த்திருந்தார்கள், பிள்ளைகளும் காய்ந்துபோகவில்லை. நம் பையன் சனிக்கிழமை இருந்த நிலைக்கு அது பொருந்தாது. அப்புறம், பேரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்ட இனிப்புப் பானங்களும் டப்பாவில் வந்துகொண்டிருந்தன. அப்படிப் பேர் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது.

ஓ.ஆர்.எஸ். போக்கை உடனே நிறுத்தாது, இழந்ததை ஈடுகட்டும், அவ்வளவுதான். "குடிச்சும் நிக்கல்லியே" என்று பாதியில் விட்டுவிடுவது அதனால்தான். போக்கு நீடிக்கும் நாட்களைக் குறைப்பது கூடவே கொடுக்கும் துத்தநாக மாத்திரை. இவனுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள், போக்கு நின்றாலும்.

சனிக்கிழமை மதியம் அவன் அந்த உப்புத் தண்ணீரை ஸ்பூனைப் பிடுங்கிப் பிடுங்கிக் குடித்தான். காய்ந்துபோன பிள்ளைகள் அப்படித்தான் குடிப்பார்கள். ஞாயிறு காலை இரண்டு தடவை சிறுநீர் போயிருந்தான். "மக்களே, ஒரு மடக்கு குடி" என்று அம்மச்சி டம்ளரை நீட்ட, வாயில் வாங்கி அவர் சேலையிலேயே துப்பினான்.