தராசை மாடிக்கு ஏற்றினால் 0.6 மில்லிகிராம் எங்கே போகிறது?

ஆய்வகத் தராசுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி வரும் அழைப்புகளில் ஒன்று இப்படி இருக்கும்: "தராசைக் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு மாற்றினோம். 200 கிராம் எடைக்கல்லை வைத்தால் 199.9994 காட்டுகிறது. கல் தேய்ந்துவிட்டதா, தராசு கெட்டுவிட்டதா?"

பெரும்பாலும் இரண்டும் இல்லை. தராசு பூமியின் மையத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டிஜிட்டல் தராசு ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை நேரடியாக அளப்பதில்லை. தட்டு எவ்வளவு விசையோடு கீழே அழுத்தப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஆய்வகத் தராசின் உள்ளே ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். தட்டை அதே இடத்தில் தாங்கிப் பிடிக்கச் சுருளுக்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று பார்த்து, அதைக் கிராமாக மாற்றித் திரையில் போடுகிறது. இந்தக் கணக்கில் 'இங்கே ஈர்ப்பு இவ்வளவு' என்ற ஓர் எண் ஒளிந்திருக்கிறது. கடைசியாக அளவுத்திருத்தம் செய்த இடத்தின் எண் அது. தராசை வேறு இடத்துக்குத் தூக்கிப் போனாலும் அது பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருக்கும்.

ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது நியூட்டன் சொன்னது. பலர் தடுக்கி விழுவது 'தூரம்' எங்கிருந்து என்பதில்தான். தரையிலிருந்து அல்ல, பூமியின் மையத்திலிருந்து. அதனால் தரையில் நிற்கும்போதே தூரம் 6,371 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

```
W = W0 × (R / (R + h))²
```

இதில் R பூமியின் ஆரம், h தரையிலிருந்து உயரம், W0 தரையில் இருந்த எடை. உயரம் ஆரத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், வர்க்கத்தைப் பெருக்கி மெனக்கெட வேண்டாம். எடை குறையும் பங்கு ஏறத்தாழ 2h/R. அந்த 2 வர்க்கத்திலிருந்து வருகிறது.

பத்து மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 2 × 10 ÷ 63,71,000 என்றால் பத்து லட்சத்தில் சுமார் 3.14 பங்கு. 200 கிராமில் அது 0.00063 கிராம், அதாவது 0.6 மில்லிகிராம். திரையில் 199.9994. அழைத்தவர் சொன்ன அதே எண்.

கையில் உணர முடியாத அளவுதான். ஆனால் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசுக்கு அது கடைசி இலக்கத்தில் ஆறு எண்கள். E2 என்ற உயர் துல்லிய வகை 200 கிராம் எடைக்கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 0.3 மில்லிகிராம்தான். அதைப்போல இரண்டு மடங்கு வித்தியாசம் மாடிப்படியிலேயே வந்துவிடுகிறது.

சரி, இது உயரத்தால் வந்ததுதான் என்று எப்படி உறுதி செய்வது? ஒரே கல்லோடு நிறுத்திவிடக் கூடாது. உயரத்தால் வரும் பிழை விகிதமாக வரும்; சுமை பாதியானால் பிழையும் பாதியாகும். மேலே சொன்ன தராசில் 100 கிராம் வைத்தால் 99.9997, 50 கிராமுக்கு 49.9998, வெறும் தட்டுக்குச் சரியாகப் பூஜ்யம். கல்லில் கைரேகையோ தூசியோ ஒட்டியிருந்தால் எடை கூடத்தான் செய்யும், குறையாது. அதுவும் அந்த ஒரு கல்லில் மட்டும் தெரியும். தட்டின் மூலைக்கு மூலை எண் மாறினால் அது வேறு கோளாறு. நேரம் போகப் போக எண் நகர்ந்துகொண்டே இருந்தால் தராசு இன்னும் சூடாகி நிலைபெறவில்லை. இடம் மாற்றிய அன்றே இந்தக் கடைசிப் பிரச்சினையும் சேர்ந்து வரும் என்பதால், பல மணி நேரம் மின்சாரத்தில் விட்டுவிட்டுத்தான் எடைக்கல்லைக் கையில் எடுப்பேன். கையில் என்றால் இடுக்கியில்.

"பத்து லட்சத்தில் மூன்று பங்குதானே, விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இடம் மாறும்போது பாதியில் நிற்கும் சோதனைகள்தான் இதற்குப் பதில். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருளை அளப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் பீங்கான் கிண்ணத்தைக் கீழ்த்தளத்தில் நிறுத்தார்கள்: 50.0000 கிராம். தண்ணீரை ஊற்றி ஆவியாக்கியபின் கிண்ணத்தில் 10 மில்லிகிராம் படிவு. இதற்குள் தராசு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது, திருத்தம் செய்யவில்லை. இப்போது 50.0100 வர வேண்டிய இடத்தில் 50.0098 வருகிறது. கழித்தால் 9.8 மில்லிகிராம். 50 கிராம் கிண்ணத்தின் மேல் விழுந்த நுண்ணிய பிழை முழுவதும் 10 மில்லிகிராம் படிவின் தலையில் ஏறி, விடை 2 சதவீதம் குறைந்துவிட்டது. இரண்டு நிறுத்தலும் மாடியிலேயே நடந்திருந்தால், திருத்தம் செய்யாத தராசிலும் 10.0 தான் வந்திருக்கும்.

உள்ளேயே எடை வைத்த தராசாக இருந்தால், இடம் மாறி நிலைபெற்றதும் CAL பொத்தானை அழுத்தினால் போதும். அந்த எடையை மோட்டார் இறக்கி, புதிய இடத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்திக்கொள்ளும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அழுத்துவதற்கு முன் எடைக்கல்லை வைத்து, வரும் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். 199.9994 என்ற அந்த எண் இருந்தால், நடுவில் எடுத்த அளவீடுகளைப் பின்னால் திருத்தலாம். ஒவ்வோர் எண்ணையும் 200/199.9994 ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். பொத்தானை முதலில் அழுத்திவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். தானாகவே திருத்திக்கொள்ளும் தராசுகளில் இன்னும் கவனம் வேண்டும். நேரத்தையோ வெப்பநிலையையோ பார்த்து அது தன்பாட்டுக்கு ஒரு சோதனையின் நடுவில் திருத்திக்கொண்டிருக்கக்கூடும்.

எல்லாத் தராசுக்கும் இந்தக் கவலை தேவையில்லை. 30 கிலோ தாங்கி, 10 கிராம் பிரிவுகளாகக் காட்டும் லோடு செல் தராசில் ஒரு முழுப் பிரிவு மாற வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராக உயர வேண்டும். இரண்டு தட்டுத் தராசுக்கு அதுவும் இல்லை; இரு பக்கமும் ஒரே அளவு குறைவதால் முள் அசையாது.

மலைக்குக் கொண்டு போகும் தராசு வேறு கதை. 2,000 மீட்டருக்குச் சூத்திரத்தைப் போட்டால் ஒரு கிலோ எடைக்கல் சுமார் 630 மில்லிகிராம் குறைவாகக் காட்ட வேண்டும். பரந்த மேட்டுநிலத்தில் அவ்வளவு குறையாது, ஏறத்தாழ 400தான் குறையும். கட்டடத்தில் ஏறும்போது காலடியில் இருப்பது பெரும்பாலும் வெற்றிடம். மேட்டுநிலத்தில் 2,000 மீட்டர் பாறை. அந்தப் பாறையும் தன் பங்குக்குக் கீழே இழுக்கிறது. பாறையின் அடர்த்தியும் மலையின் வடிவமும் இடத்துக்கு இடம் வேறுபடும். போதாததற்கு, வடக்கு தெற்காக நகர்ந்தாலும் ஈர்ப்பு மாறும்: நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி², துருவத்தில் 9.832 மீ/வி². அதனால் மலைக்குப் போகும் தராசுக்கு நான் இங்கிருந்தே கணக்குப் போட்டுத் திருத்தி அனுப்புவதில்லை. எடைக்கல்லையும் கூடவே கொண்டுபோய் அங்கே வைத்துத் திருத்துகிறேன்.