பல்சிங்: அடுப்பு ஏன் விட்டுவிட்டு எரிகிறது, அதைத் தமிழில் என்னவென்று சொல்வது

விசுவமடுவில் இருக்கிற மாமி போன மாதம் ஒரு இன்டக்சன் அடுப்பு வாங்கினா. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அலுப்பு இன்னும் போகவில்லை அவவுக்கு. வாங்கி மூன்றாம் நாளே எனக்குப் போன் வந்தது. "தம்பி, உந்த அடுப்பு செத்துச் செத்துப் பிழைக்குது. கடையில திருப்பிக் குடுக்கப் போறன்."

தயிர் போடுவதற்குப் பால் காய்ச்சியிருக்கிறா. பொங்கி வந்ததும் 300 வாற்றுக்குக் குறைத்துவிட்டுப் பார்த்தால், கொஞ்ச நேரம் இரைகிறது, பால் விளிம்பில் நுரைத்து எழும்புகிறது, பிறகு சத்தம் நின்று பால் அடங்கிவிடுகிறது, அப்புறம் திரும்பவும் இரைகிறது. அடுப்போடு வந்த சின்னப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது. குறைந்த சக்தியில் 'பல்சிங்' நடக்கும், அது வழமையானது என்று. பல்சிங் என்றால் என்ன என்று அந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் புரிகிற தமிழில் போட்டிருந்தால் மாமி கடைக்காரரோடு சண்டைக்குப் போக வெளிக்கிட்டிருக்க மாட்டா.

சொல்லின் வேர் இலத்தீன். 'பெல்லெரே' என்றால் தள்ளுவது, அடிப்பது. அதிலிருந்து அடி, தட்டல் என்ற பொருளில் 'புல்சுஸ்' வந்தது, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பல்ஸ்' ஆனது. முதலில் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கிற நாடிக்குத்தான் அந்தப் பெயர், மின்சாரத்துக்கு வந்தது மிகவும் பிந்தி. உங்கள் வீட்டு மின்சார மீற்றரில் imp/kWh என்று ஒரு எழுத்து இருக்குமே, அதிலுள்ள imp, அதாவது இம்பல்ஸ் என்பதும் இதே வேரில் முளைத்ததுதான். இடையில் ஒன்று, பயறு பருப்புக்கும் ஆங்கிலத்தில் பல்ஸ் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு வேர், கூழ் மாதிரி ஒன்றுக்கு இலத்தீனில் இருந்த 'புல்ஸ்' என்ற பெயரிலிருந்து வந்தது. ஒரே குசினியில் இரண்டு பல்ஸ், ஒன்றுக்கொன்று சொந்தமில்லை.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் துடிப்பு. நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு என்று எல்லாருக்கும் பழகிய சொல். துடி என்றால் பழந்தமிழில் ஒரு பறையும்கூட. பாலை நிலத்துக்கு உரிய பறை என்று அதை வகுத்திருக்கிறார்கள். இலத்தீன்காரனுக்கும் நமக்கும் இந்தச் சொல் அடி, தட்டல் என்ற இடத்திலேயே போய் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாடப்புத்தகத்துக்குத் துடிப்பு சரி. ஆனால் அடுப்புக்கு அதைப் போட்டால் சிக்கல். நம்முடைய பேச்சில் துடிப்பது மீன், அல்லது வலிவந்த ஆள். "அடுப்பு துடிக்குது" என்று மாமியிடம் சொல்லிப் பாருங்கள், உடனே பிளக்கைக் கழற்றிவிடுவா.

சரி, அடுப்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? கண்ணாடிக்குக் கீழே தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதற்குக் கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்க ஒரு மின்னணுச் சுவிச், ஐஜிபிடி என்பார்கள், அது ஒரு செக்கனுக்கு 20,000 தரத்துக்கு மேல் திறந்து மூடுகிறது. அப்படி வேகமாக மாறும் காந்தப்புலம் இரும்புச் சட்டியின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட, சட்டி தானே சூடாகிறது. மின்காந்தத் தூண்டல் என்று பள்ளியில் படித்தது இதுதான், இன்டக்சனுக்கு நல்ல தமிழும் அதே தூண்டல்தான். இந்த வேகத் துடிப்பு நம் கண்ணுக்கோ காதுக்கோ பிடிபடாது. மாமி பார்த்தது இதை அல்ல.

சுருளும், மின்னைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்க அதோடு சேர்த்த கொண்மியும் ஒரு ஊஞ்சல் போல. சுவிச் ஒரு உந்து உந்தும், மின்னழுத்தம் ஆடிப் போய்த் திரும்பி வரும், அது பூச்சியத்துக்கு வந்து சேருகிற நேரம் பார்த்துச் சுவிச் அடுத்த உந்தலைக் கொடுக்க வேண்டும். சக்தியைக் குறைப்பதென்றால் உந்தலைச் சிறிதாக்க வேண்டும். அங்கேதான் பிரச்சினை. உந்தல் சிறிதானால் ஊஞ்சல் முழுதாகத் திரும்பி வராது, மின்னழுத்தம் மிச்சமிருக்கும்போதே சுவிச் அடுத்த உந்தலைத் தொடங்க வேண்டிவரும், மிச்சமிருந்தது அத்தனையும் சுவிச்சுக்குள்ளேயே கொட்டி அதைச் சுடவைக்கும். செக்கனுக்கு இருபதாயிரம் தரம் அப்படிக் கொட்டினால் அந்தச் சுவிச் எத்தனை நாள் தாங்கும்? அதனால் ஒற்றைச் சுவிச் வைத்த மலிவான அடுப்புகள் கிட்டத்தட்ட 1000 வாற்றுக்குக் கீழே தொடர்ச்சியாக எரிவதில்லை. அதற்குக் குறைவாகக் கேட்டால் தனக்குச் சுகமான அளவில் எரியும், பிறகு நிற்கும், பிறகு எரியும். இரண்டு சுவிச் வைத்த விலைகூடிய அடுப்புகள் இன்னும் கீழே வரை தொடர்ந்து எரியும், என்றாலும் கடைசிப் படியில் அவையும் பெரும்பாலும் இப்படித்தான்.

இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் வாங்கி வயல் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் குறைவென்றால் வாய்க்காலில் நூல்போல ஒழுகவிட மாட்டார்கள், அப்படி விட்டால் கடைக்கோடி வயலுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வற்றிவிடும். வாய்க்கால் நிரம்ப விடுவார்கள், ஆனால் முறை வைத்து விடுவார்கள். உங்களுக்குக் குறைவாகத் தரவேண்டுமென்றால் வாய்க்காலின் அளவு குறையாது, உங்கள் முறை நேரம்தான் குறையும்.

மாமி வீட்டுக்குப் போனபோது கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 300இல் 3 செக்கன் எரிந்தது, 9 செக்கன் நின்றது, பத்துத் தரம் பார்த்தும் அதே கணக்கு. பிளக்கில் மாட்டுகிற சின்ன வாற் மீற்றர் ஒன்று கொண்டுபோயிருந்தேன், எரியும்போது 1200க்குக் கிட்ட காட்டியது, நிற்கும்போது விசிறிக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் போவது மட்டும். பன்னிரண்டில் மூன்று என்றால் கால்வாசி, 1200இல் கால்வாசி 300. அடுப்பு சொன்ன சொல் தவறவில்லை.

கணக்கு சரியாக இருந்தாலும் பால் எழும்பி எழும்பி அடங்கியது உண்மை. அதற்குக் காரணம் சட்டி. 3 செக்கனில் 1200 வாற் என்றால் 3600 யூல். மாமியின் மெல்லிய எவர்சில்வர் சட்டியின் அடி அரைக்கிலோ என்று வையுங்கள், அந்தச் சூடு முழுக்க அடியிலேயே தங்கினால் ஒவ்வொரு முறைக்கும் 14 பாகை அளவுக்கு ஏறும். அதே சூட்டை 2 கிலோ வார்ப்பிரும்புச் சட்டி வாங்கினால் 4 பாகைதான் ஏறும். பால் சூட்டை இழுத்துக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு ஏறாது, ஆனால் வித்தியாசத்தின் பருமன் விளங்குகிறதல்லவா. தடித்த அடி இந்த ஏற்ற இறக்கத்தைத் தனக்குள் வாங்கி மேலே சமமாக விடுகிறது. தடித்த அடிச் சட்டி மாற்றிக் கொடுத்தபின் பால் எழும்பி அடங்குவது அநேகமாக நின்றுபோனது, சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

இன்னொரு விசயம் இரவில்தான் தெரிந்தது. அவவின் வீடு கரண்ட் கம்பியின் கடைசிப் பக்கம், ஒவ்வொரு பன்னிரண்டு செக்கனுக்கும் குசினி பல்பு ஒரு சின்னக் கண் சிமிட்டியது. 300 என்று திரையில் இருந்தாலும் எரிகிற அந்த மூன்று செக்கனும் கம்பி சுமப்பது 1200 வாற், அதாவது 5 அம்பியருக்கு மேல். அதனால் குறைந்த சூடுதானே என்று 5 அம்பியர் பிளக்கில் மாட்டுவதும், 500 வாற் இன்வேட்டரில் போட்டுப் பார்ப்பதும் சரிவராது. இன்வேட்டர் முதல் துடிப்பிலேயே படுத்துவிடும். பல்பு கொஞ்சம் மங்குவது பரவாயில்லை, பிளக் கையில் சுட்டால் அங்கே தொடுப்பு இளகியிருக்கிறது, அதை முதலில் பார்க்க வேண்டும்.

எது பழுது என்று கேட்டால், எனக்கு முதல் அடையாளம் நேரம். வழமையான நிறுத்தம் கடிகாரம்போல ஒரே இடைவெளியில் வரும், விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் இலக்கம் மாறாது, கீச்சென்ற சத்தம் வராது, 1200க்கு மேல் கூட்டினால் உடனே தொடர்ந்து எரியத் தொடங்கும். 1600இல் வைத்தும் நின்று நின்று எரிந்தால் அது வேறு கதை. சட்டியின் அடி வளைந்திருக்கலாம், காற்றுப் போகிற துவாரம் தூசியால் அடைத்திருக்கலாம், பின்னேரம் எல்லா வீட்டிலும் பல்பு எரிகிற நேரத்தில் வோல்ற்றேஜ் விழுந்திருக்கலாம். அப்போது பெரும்பாலும் E என்று தொடங்கும் ஒரு குறி வரும், அதன் பொருள் அந்தந்த அடுப்பின் புத்தகத்தில் இருக்கும். வாற்றுக்குப் பதிலாகப் பாகையில் வைத்துச் சமைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே நிற்பது நேரக்கணக்கால் அல்ல, கண்ணாடிக்குக் கீழே உள்ள உணரி சூடு போதும் என்று சொல்வதால். அயன்பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து எரிகிற மாதிரி. அந்த முறையில் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தாலும் பிழையில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. வன்னியில் மலேரியாவோடு வாழ்ந்த தலைமுறைக்கு முறைக்காய்ச்சல் என்ற சொல்லே இருக்கிறது, ஒரு கணக்கில் வந்து ஒரு கணக்கில் போகும் காய்ச்சல். வாய்க்காலில் முறைத் தண்ணீர், உடம்பில் முறைக்காய்ச்சல். அப்படியிருக்க அடுப்பில் முறைச்சூடு என்று சொன்னால் என்ன குறை? துடிப்பு என்பது ஒவ்வொரு அடியையும் சொல்கிறது, முறை என்பது அடிகளுக்கு நடுவிலுள்ள கணக்கையும் சேர்த்துச் சொல்கிறது. பன்னிரண்டு செக்கனில் எத்தனை செக்கன் எரிகிறது என்ற விகிதத்துக்கு ஆங்கிலத்தில் 'டியூட்டி சைக்கிள்' என்பார்கள், அதை அப்படியே கடமைச் சுற்று என்று திருப்பினால் சிரிப்புத்தான் வரும், முறைநேரம் என்றால் விசுவமடுவில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. அறிவியல் எழுதும்போது துடிப்பு, புத்தகத்தில் அறிவிப்பாக எழுதும்போது 'குறைந்த சூட்டில் அடுப்பு விட்டுவிட்டு எரியும்', பேசும்போது முறைச்சூடு. என் தெரிவு இது.

மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப முறை வைச்சுத்தான் விடுது எண்டு சொல்லு" என்று அகப்பையைத் தட்டிவிட்டுப் பாலை இறக்கினா.