மூன்றாவது கீ மட்டும் ஏன் காணாமல் போகிறது?

கீபோர்டு பழுது பார்ப்பவன் நான். "ஸ்பேஸ் கீ போயிடுச்சு, மாத்திக் கொடுங்க" என்று ஒரு இளைஞர் தன் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தார். விளையாட்டில் மேல் அம்பையும் இடது அம்பையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்காக ஓடும்போது ஸ்பேஸை அழுத்தினால் குதிக்க வேண்டும். ஆனால் குதிக்கவில்லை. நேராக ஓடும்போது குதிக்கிறது. அதே மாடலில் வேறொரு கீபோர்டை வாங்கிப் பார்த்தும் இதே கதைதான் என்றார். அப்படிச் சொன்னதுமே ஸ்பேஸ் கீ மீது எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது. இரண்டு கீபோர்டிலும் ஒரே கீ, ஒரே மாதிரி, ஒரே சூழலில் மட்டும் கெட்டுப்போகாது.

கீபோர்டை லினக்ஸ் கணினியில் மாட்டி, இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
sudo evtest
```

பட்டியலில் கீபோர்டின் எண்ணைத் தேர்ந்தால், ஒரு கீயை அழுத்தும்போது 1, விடும்போது 0 என்று திரையில் வரும். பிடித்தபடியே இருந்தால் 2 வந்துகொண்டிருக்கும். இதைப் பிரௌசரில் கிடைக்கும் கீ சோதனைப் பக்கங்களிலும் பார்க்கலாம். மூன்று கீயையும் தனித்தனியாக அழுத்தினோம், சரியாக வந்தது. இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினோம், அதுவும் சரி. மூன்றையும் சேர்த்தபோது கடைசியாக அழுத்தியது வரவில்லை. இடது, மேல், ஸ்பேஸ் என்ற வரிசையில் அழுத்தினால் ஸ்பேஸ் காணவில்லை. ஸ்பேஸ், மேல், இடது என்று மாற்றினால் ஸ்பேஸ் ஒழுங்காக வந்தது, இடது அம்பு காணவில்லை! வரிசையை மாற்றினால் காணாமல் போகும் கீயும் மாறுகிறதென்றால், எந்தக் கீயும் பழுதில்லை என்று நம்பிச் சொல்லலாம்.

காரணம் உள்ளே இருக்கும் கம்பி அமைப்பில் இருக்கிறது. நூறு கீ உள்ள கீபோர்டில் நூறு தனித்தனிக் கம்பி ஓடுவதில்லை. படுக்கை வரிசையாகச் சில தடங்கள், நெடுக்கு வரிசையாகச் சில தடங்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கீ. 8 படுக்கைத் தடமும் 16 நெடுக்குத் தடமும் இருந்தால் 24 தடங்களிலேயே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். கீபோர்டுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் சிப் ஒவ்வொரு படுக்கைத் தடத்துக்கும் மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுக்குத் தடத்தில் அது எதிரொலிக்கிறது என்று பார்க்கும். அதை வைத்துத்தான் எந்தக் கீ அழுத்தப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்யும்.

அந்தக் கீபோர்டைத் திறந்து, கீகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தடங்களைப் பின்தொடர்ந்து பார்த்தேன். மேல் அம்பும் இடது அம்பும் ஒரே படுக்கைத் தடத்தில் இருந்தன. மேல் அம்பும் ஸ்பேஸும் ஒரே நெடுக்குத் தடத்தில். அதாவது மூன்றும் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள். நான்காவது மூலையில் B எழுத்து. ஸ்பேஸ் இருக்கும் படுக்கைத் தடத்துக்கு மின்னழுத்தம் கொடுக்கும்போது, மின்சாரம் ஸ்பேஸ் வழியாக நெடுக்குத் தடத்துக்குப் போகிறது, அங்கிருந்து மேல் அம்பு வழியாகப் பின்னோக்கி ஏறுகிறது, அப்புறம் இடது அம்பு வழியாக இன்னொரு நெடுக்குத் தடத்தில் இறங்குகிறது. கண்ட்ரோலர் பார்வையில் B அழுத்தப்பட்டது போலவே தெரியும். யாரும் தொடாத அந்த B-தான் பேய்க் கீ, கோஸ்ட்.

இப்போதைய கீபோர்டுகள் அந்தப் பொய்யான B-யை நம் திரைக்கு அனுப்புவதில்லை. நான்கு மூலையும் அழுத்தப்பட்டது போலத் தெரிந்தால், எது நிஜம் எது பேய் என்று சொல்ல முடியாததால் புதிதாக வந்ததை நிறுத்தி வைத்துவிடும். இதற்குச் சரியான பெயர் பிளாக்கிங். ஆனால் பேச்சு வழக்கில் எல்லோரும் கோஸ்டிங் என்றே சொல்கிறோம். அந்த இளைஞரின் குதிப்பு அங்கேதான் நின்றது.

வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கும் இதே தொல்லை வரும், ஆனால் கண்டுபிடிப்பது கடினம். வேகம் கூடக் கூட, முந்தைய கீயை விடுவதற்குள் அடுத்த விரல் இறங்கிவிடும். இரண்டு கீ ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பிரச்சினை இல்லை. மூன்றாவதும் சேர்ந்து, அவை ஒரே செவ்வகத்தில் மாட்டிக்கொண்டால், மூன்றாவது எழுத்து மற்ற விரல் எழும்பும்வரை காத்திருக்கும். அதற்குள் அதையும் விட்டுவிட்டால் வராமலே போகும். பலர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட ஒரே எழுத்துச் சேர்க்கையில் மட்டும், அதுவும் வேகமாக அடிக்கும்போது மட்டும் எழுத்து விடுபட்டால் கீபோர்டைச் சந்தேகியுங்கள். ஒரே எழுத்து இரண்டு முறை விழுவது வேறு நோய். அது சுவிட்ச் தொடுமுனை தேய்ந்ததால் வருவது.

ஒரு எளிய சோதனை: இரண்டு Shift கீயையும் பிடித்தபடி `THE QUICK BROWN FOX` என்று அடியுங்கள். நிறைய மெம்பிரேன் கீபோர்டுகளில் சில எழுத்துகள் வராது.

சரி, அட்டைப்பெட்டியில் ஆன்டி-கோஸ்டிங் என்று போட்டிருந்தால் போதுமா? போதாது, கேள்வி கேளுங்கள். மெம்பிரேனில் அதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: W, A, S, D, ஸ்பேஸ் போல விளையாட்டில் சேர்ந்து விழும் கீகளை ஒரே செவ்வகத்தில் வராதபடி பிரித்துப் போட்டிருப்பார்கள், அல்லது நான்காவது மூலையைக் காலியாக விட்டிருப்பார்கள். அங்கே கீயே இல்லையென்றால் குழப்பமும் இல்லை. அந்தப் பகுதிக்கு வெளியே பழைய நிலைதான். என்-கீ ரோல்ஓவர் என்றால் எத்தனை கீயை அழுத்தினாலும் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியவேண்டும். ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இதற்காக ஒவ்வொரு கீயுடனும் ஒரு டயோடு வைப்பார்கள். டயோடு வழியாக மின்சாரம் ஒரு பக்கமாக மட்டுமே போகும் என்பதால், மேல் அம்பு வழியாகப் பின்னோக்கி ஏறிய அந்தப் பாதை அடைபட்டுவிடும்.

டயோடு இருந்தும் ஆறு கீயோடு நின்றுவிடும் கீபோர்டுகளும் உண்டு. அது யுஎஸ்பி வழக்கம். அடிப்படை முறையில் கீபோர்டு ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்புகிறது. ஒன்று Ctrl, Shift, Alt வகைக் கீகளுக்கு, ஒன்று ஒதுக்கப்பட்டது, மீதி ஆறில் ஆறு கீ. ஒருவர் மட்டும் தட்டச்சு செய்யவோ விளையாடவோ இது தாராளம் என்பது என் எண்ணம். ஒரே கீபோர்டில் இருவர் விளையாடினால்தான் ஆறு போதாது. முழு ரோல்ஓவருக்குக் கீபோர்டு வேறு வடிவத்தில் தகவல் அனுப்புகிறது. கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் திரைக்குச் சில கணினிகளில் அது புரிவதில்லை. அங்கே கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஆறு கீ முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

மெம்பிரேனில் பிறகு டயோடு சேர்க்க வழியில்லை. அதனால் அந்த இளைஞருக்குக் குதிப்பை ஸ்பேஸிலிருந்து வலது Ctrl-க்கு மாற்றிக் கொடுத்தேன். Ctrl, Shift, Alt கீகளை வழக்கமாகத் தனித் தடங்களில் போடுவார்கள் என்பதால், அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்தால் அது அநேகமாக இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. மூன்றையும் சேர்த்துப் பிடித்தோம். திரையில் மூன்றும் வந்தன. ஸ்பேஸ் கீயை மாற்றாமலே கீபோர்டை எடுத்துப் போனார்.