தெளிவாகத் தெரிகிற சொல்லைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மங்கிப்போன பழைய பக்கம் ஒன்றை ஸ்கேன் செய்து, கான்ட்ராஸ்டை ஏற்றி, ஷார்ப்பன் போட்டு, எந்தச் சொற்கள் உடைந்து தெரிகின்றனவோ அவற்றை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்து, அதே இடத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: "மிச்சமெல்லாம் தெளிவாக இருக்கிறது, நீங்கள் பிழை மட்டும் பார்த்தால் போதும்." பழைய ஆவணங்களைப் படித்துத் திரும்பத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் வேலை. பிழை பெரும்பாலும் அந்த "மிச்சத்தில்" இருக்கிறது.

கடைசியாக வந்தது ஒரு குடும்ப உடன்பாட்டின் கார்பன் நகல். தட்டச்சு இயந்திரத்தில் அடித்த ஒரே பக்கம், நீலக் கார்பன், தாள் நன்றாக மஞ்சளடித்திருந்தது. அனுப்பியவர் பதினான்கு சொற்களைத் திரும்ப அடித்திருந்தார். அந்தப் பதினான்கில் தவறே இல்லை. ஒரு எழுத்து உடைந்திருந்தாலும் வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிடும், "கையெழுத்திட்டுள்ளோம்" என்பதில் பாதி அழிந்தாலும் வேறு எதுவாகவும் அதைப் படிக்க முடியாது. ஆனால் அவர் தொடாமல் விட்ட "1958" என்ற ஆண்டு படத்தில் பளிச்சென்று கறுப்பாக, அச்சடித்தது போல நின்றது. அது எனக்கு உறுத்தியது. இத்தனை மங்கலான பக்கத்தில் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அவ்வளவு கறுப்பு எங்கிருந்து வந்தது?

ஷார்ப்பன் என்பது கண்ணாடி துடைப்பது போல, உள்ளே மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த நினைப்பில்தான். ஸ்கேன் எடுத்த நொடியில் அந்தக் கோப்பில் என்ன பதிந்ததோ அதற்கு மேல் ஒரு புள்ளி அளவு தகவலும் பிறகு சேராது. ஷார்ப்பன் செய்கிற வேலை ஒன்றுதான்: வெளிச்சமும் இருளும் சந்திக்கிற ஓரத்தில் இருளை இன்னும் இருளாக்கும், வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும். அந்த ஓரம் மையினால் வந்ததா, கார்பன் ஒழுகலால் வந்ததா, தாளின் நாரினால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

அந்த எட்டையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், அவருடைய ஸ்கேனில் தாள் ஏறத்தாழ 190, மை 165. இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 25 படி. அந்த எண்ணின் இடப்பக்கத்தில், மூன்றாக இருந்தால் திறந்திருக்க வேண்டிய, எட்டாக இருந்தால் மூடியிருக்க வேண்டிய இடம் 178. இது வெளிறிப்போன எட்டின் கோடாகவும் இருக்கலாம், மூன்றின் வாயில் கார்பன் தடவியதாகவும் இருக்கலாம். இப்போது எந்த அளவுக்குக் கீழே முழுக் கறுப்பு, எந்த அளவுக்கு மேலே முழு வெள்ளை என்று தீர்மானிக்கும் லெவல்ஸ் கருவியில் கறுப்பு முனையை 180-க்குக் கொண்டுபோனால் 178 முழுக் கறுப்பாகிவிடும்: 1958. வெள்ளை முனையை 175-க்கு இறக்கினால் அதே 178 முழு வெள்ளையாகிவிடும்: 1953. அவர் முதலாவதைச் செய்திருக்கிறார். ஆண்டைத் தீர்மானித்தது தாள் இல்லை, மவுஸ் நின்ற இடம். அதற்கு மேல் ஷார்ப்பன் போட்டதும் சந்தேகத்தின் அடையாளமான அந்தச் சாம்பல் நிறமும் போய்விட்டது.

ஷார்ப்பனில் ரேடியஸ் என்று ஒன்று இருக்கிறது, ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தூரம் வரை கைவைக்க வேண்டும் என்பதற்கான அளவு. பலர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது அதைத்தான். 300 டிபிஐ ஸ்கேனில் தட்டச்சு எழுத்தின் கோடு மூன்று நான்கு பிக்சல் அகலம்தான் இருக்கும். ரேடியஸ் 1 என்றால் பார்க்க உதவும். 5, 6 என்று போனால் அருகருகே இருக்கிற கோடுகளின் ஓர வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத சுழியை உண்டாக்கும். ஜேபெக் கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். அந்தச் சுருக்க முறை எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்குப் புள்ளிகளை விட்டுவைக்கும், ஷார்ப்பன் அவற்றைக் கறுப்பாக்கி, புள்ளியே இல்லாத எழுத்தின் தலையில் புள்ளி வைத்துவிடும். தமிழில் புள்ளி என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? முதலில், எதைத் திரும்ப அடிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஷார்ப்பன் செய்த படத்தை வைத்து எடுக்காதீர்கள். கைபடாத ஸ்கேனை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் போங்கள். ஐயமில்லாதது, ஐயமுள்ளது, படிக்கவே முடியாதது என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்கள், பெயர்கள், மகன் மகள் போல ஒரே எழுத்தில் பொருள் மாறுகிற சொற்கள் எல்லாம், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், ஐயப் பட்டியலில்தான் தொடங்க வேண்டும். அப்புறம் கான்ட்ராஸ்டைத் தொடுங்கள், அதுவும் ஒரு நகலில். ஒவ்வொரு ஐயச் சொல்லையும் குறைவான, நடுத்தரமான, கூடுதலான மூன்று அமைப்புகளில் பாருங்கள். மூன்றிலும் ஒரே வாசிப்பு வந்தால் ஏற்கலாம். அமைப்பை மாற்ற மாற்ற வாசிப்பும் மாறுகிறதென்றால், அந்த ஸ்கேனுக்குப் பதில் தெரியாது என்று பொருள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், தாளுக்குத் திரும்புங்கள்.

நானும் அதைத்தான் கேட்டேன். மூலத் தாளை 600 டிபிஐயில், முழு வண்ணத்தில், டிஃப் கோப்பாக, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். பின்பக்க எழுத்து ஊடுருவாமல் இருக்க தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை. கோப்பை அரட்டைச் செயலியில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள் என்றும் சொன்னேன். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அலைவரிசைகளால் ஆனது, வந்த கோப்பில் சிவப்பை மட்டும் பிரித்துப் பார்த்தேன். நீல மை சிவப்பு ஒளியை விழுங்கும், மஞ்சளடித்த தாள் அதைத் திருப்பித் தரும், ஆகவே சாம்பல் நிற ஸ்கேனில் ஒட்டிக்கிடந்த மையும் தாளும் இங்கே நன்றாக விலகி நின்றன. (ஊதா மை என்றால் பச்சை அலைவரிசையைப் பாருங்கள். பழுப்பு மை என்றால் நீலம்.) ஷார்ப்பன் எதுவும் போடாமலே அந்த எண்ணின் இடப்பக்கம் திறந்திருந்தது தெரிந்தது. அதே பக்கத்தில் ஐயமில்லாமல் தெரிகிற ஒரு 8-ஐயும் ஒரு 3-ஐயும் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே இயந்திரம், ஒரே அச்சு, ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. 1953.

இன்னொரு சொல் தீரவே இல்லை. மூன்றாம் பத்தியில் "மூத்த மக" என்பதற்குப் பின் வருவது ன்-ஆ ள்-ஆ என்று எந்த அலைவரிசையிலும் தெரியவில்லை, அந்த இடத்தில் தாள் மடிந்து மை உதிர்ந்திருந்தது. [மகன்/மகள்?] என்று அடைப்புக்குறியோடு அடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளருக்கு அது பிடிக்கவில்லை. "மகன் என்றுதான் இருக்கும், எங்களுக்குத் தெரியுமே" என்றார். இருக்கலாம். ஆனால் அது அவர் அறிந்தது, தாள் சொல்வது அல்ல. அவர் சொன்னதை அடிக்குறிப்பில் அவர் கூற்றாகவே போட்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். திரும்ப அடித்த சொல்லை ஸ்கேன் படத்தின் மேலேயே ஒட்டாதீர்கள், தயவுசெய்து. அடியில் இருந்த சாம்பல் நிறம்தான் பின்னால் வருகிறவர் சரிபார்க்கக்கூடிய ஒரே தடயம், அதை மூடிவிட்டால் உங்கள் ஊகமும் மூலமும் ஒன்றாகிவிடும். தட்டச்சுப் பிரதி தனிக் கோப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு ஐயச் சொல்லுக்கும் எந்த ஸ்கேன், எந்த அலைவரிசை, என்ன அமைப்பில் படித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கைபடாத ஸ்கேனை அழிக்காமல் கூடவே வையுங்கள். எனக்கு அனுப்பும்போதும் அதையே முதலில் அனுப்புங்கள்.