பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம்: சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது

எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பெருமூளை வாதத்தால் கை வளையாத பிள்ளைக்கும் வாசிக்கத் திணறும் டிஸ்லெக்ஸியா, எழுதத் திணறும் டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். மற்றவர்கள் 1.15 மணிக்குத் தாளைக் கொடுக்கும்போது இவர்கள் 2.15 வரை எழுதலாம். சட்டம் இவ்வளவுதான். சிக்கலெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெற்றோர் அதிகம் ஏமாறுவது ஒரே இடத்தில். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி, பள்ளியில் ஒரு நகலும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சான்றிதழ், குறைபாடு இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். தேர்வு மையத்தில் செல்லுபடியாவது, தேர்வுத் துறை தரும் அனுமதி ஆணை. அதற்குத் தலைமையாசிரியர் தனியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பல பள்ளிகளில் சான்றிதழ் கோப்புக்குள் போய்விடும், விண்ணப்பம் போகாது. கேட்டால், "அனுப்பிட்டோம்மா, வந்திரும்" என்பார்கள். எந்தத் தேதியில், எந்த அலுவலகத்துக்கு, என்ன எண் போட்டு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழில் இன்னொரு பொறி இருக்கிறது. எட்டு வயதுக்கு மேல்தான் இதைக் கொடுப்பார்கள். 14 வயதில் மறுபடி பரிசோதித்து வாங்க வேண்டும், 18 வயதில் இன்னொரு முறை. கருங்கல் பக்கத்தில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வயதில் டிஸ்கிராஃபியா சான்றிதழ் வாங்கினார்கள். அவன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது வயது 14 தாண்டியிருக்கும். பழைய சான்றிதழோடு போகும் விண்ணப்பம் திரும்பி வரும், அதுவும் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் வரும். அந்த நேரத்தில் புதிய சான்றிதழுக்கு மருத்துவர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். மார்ச் மாதம் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டு விடுமுறையிலேயே மறுபரிசோதனையை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது அதில் பிள்ளையின் குறைபாட்டு விவரம் ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அலுவலகத்தில் கேட்கப்போகும் கேள்வியும் எல்லோருக்கும் தெரியும்: "பிள்ளைக்குக் கை கால் நல்லாதானே இருக்கு, பிறகு எதுக்கு?" கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளையின் நோட்டுப்புத்தகம் ஒன்றைக் கொண்டு போங்கள். வாயால் முழு விடையையும் சொல்லும் பிள்ளை, அதையே எழுதும்போது மூன்று வரியில் நின்றுவிடுவது அதில் தெரியும். மருத்துவரிடமும் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள். எழுதும் வேகம் எப்படி, கூடுதல் நேரம் வேண்டுமா, எழுத ஆள் வேண்டுமா என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். "40 சதவீதம் இல்லை, தர முடியாது" என்று திருப்பி அனுப்பினால், வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். எழுத ஆள் வைத்துக்கொள்வதை 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது.

கூடுதல் நேரம் வேறு, எழுதுபவர் வேறு. விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். "உரிய சலுகை வழங்குக" என்று மொட்டையாக எழுதினால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எழுதுபவர் கிடைத்தாலும், அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்லிச் சொல்லி எழுத வைக்கிற பிள்ளை திணறிப்போகும். கணக்கில் ஒரு படியைச் சொல்வதும், வரைபடத்தில் எந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று வாயால் விளக்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையே எழுதுபவரோடு நடத்தப் பள்ளியிடம் கேளுங்கள்.

ஆணை வந்தும் தேர்வறையில் கோட்டைவிடுவது உண்டு. டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு 2021 நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கொடுக்காமல் தாளைப் பறித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. பிறகு வழக்குப் போட்டு ஜெயித்தாலும் போன மணி நேரம் போனதுதான்.

அதனால் தேர்வுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மையத்துக்குப் போய் முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்து, ஆணை அவர் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். நகல் ஒன்று ஹால் டிக்கெட்டோடு பிள்ளையிடம் இருக்கட்டும். 1.15 மணிக்கு அறைக் கண்காணிப்பாளர் தாளைக் கேட்டால் கொடுக்காமல், துறை அலுவலரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள்.