பில்டர் காபிப் படம்: நிறத்தை நம்பும் முன்

"காபி திடமா வரமாட்டேங்குது, பாருங்க" என்று யோசனை கேட்டு வரும் படங்கள் பெரும்பாலும் எவர்சில்வர் டம்ளரை மேலிருந்து எடுத்தவை. அதில் தெரிவது நுரை மட்டுமே. நுரையின் நிறத்தை வைத்துத் திடத்தைச் சொல்ல முடியாது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் பக்கவாட்டில் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது காபியை அல்ல, தாளை. தாள் மஞ்சளடித்திருந்தால் காபியும் உள்ளதைவிடச் சிவந்து தெரியும். தாள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் தண்ணிக் காபிகூடத் திடமாகத் தோன்றும்.

கூடவே பால் கலக்காத டிகாக்‌ஷனையும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். தெளிவைப் பார்க்க இது ஒன்றே வழி. பால் விழுந்த பிறகு எல்லாமே கலங்கல்தான். கிண்ணத்தைச் சாய்த்தால் விளிம்பில் டிகாக்‌ஷன் செம்பழுப்பாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருப்பது நல்லது. விளிம்பே மண்கலங்கலாகத் தெரிந்தால் தூள் மிக நைசாக அரைபட்டிருக்கிறது, அல்லது பில்டரின் துளைகள் தேய்ந்து பெரிதாகிவிட்டன. அடியில் வண்டல் படிவதும் அதனால்தான். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் ஒரு ஸ்பூன் அளவை விட்டுவிட்டு ஊற்றினால் அன்றையக் காபி தப்பிக்கும்.

நிறத்தில் பெரிய ஏமாற்று சிக்கரி. வறுத்த சிக்கரியில் தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட மிக அதிகம். அதனால் டிகாக்‌ஷன் கறுப்பாகவும் கொழகொழப்பாகவும் வந்துவிடும். ஆனால் சிக்கரியில் காபியின் மணமும் கிடையாது, காபீனும் கிடையாது. கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். 49 வரை சிக்கரி இருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். கறுப்பாக இருந்தும் "குடிச்ச மாதிரியே இல்லை" என்றால், பில்டரைக் குறை சொல்லும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். 80க்கு 20 கலவை வீட்டுக்குப் போதும்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத்தாள் வெள்ளையாகவே இருக்கிறது. காபி வெளிறிய சந்தன நிறம். மேலே பட்டாணி அளவுக் குமிழிகள். டிகாக்‌ஷன் படத்தில் விளிம்பு மட்டுமல்ல, நடுவிலும் கிண்ணத்தின் அடி தெரிகிறது. கலவை 80க்கு 20தான். தூள் 15 கிராம், தண்ணீர் 150 மில்லி, ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டது.

குற்றம் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. தூளை அழுத்தாமல் விட்டதால் தண்ணீர் ஒரு பக்கமாக வழி உண்டாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. மீதித் தூள் பாதி நனைந்ததோடு சரி. தண்ணீரும் அதிகம். 20 கிராம் தூளைச் சமமாகப் பரப்பி, அழுத்துத் தட்டால் லேசாக அமுக்கி, தட்டை அப்படியே வையுங்கள். கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீரில் முதலில் 30 மில்லி சுற்றி ஊற்றி, தூள் ஊறிய பின் இன்னொரு 90 மில்லி. 15 முதல் 20 நிமிடத்தில் ஏறக்குறைய 80 மில்லி இறங்கும். மீதியைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி கடந்தும் சொட்டாவிட்டால் அமுக்கியது அதிகம், அல்லது துளையில் பழைய தூள் அடைத்திருக்கிறது. மூடியைத் தூக்கிப் பாருங்கள், சில சமயம் காற்று புகாமலும் நிற்கும். 30 மில்லி டிகாக்‌ஷனுக்கு 90 மில்லி பால் என்று தொடங்கி, அதன் பிறகு நாக்கு கேட்டபடி மாற்றுங்கள். இந்த அளவுகளில் தொடங்கிய பிறகு தூள் அளவையும் அமுக்குவதையும் பால் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

பட்டாணிக் குமிழி பாலின் கதை. ஒரே ஒருமுறை உயரத்திலிருந்து கொட்டினால் காற்று பெரிய குமிழியாக நுழைந்து உடனே உடையும். தண்ணீர் சேர்த்த பாலில் நுரையைப் பிடித்துவைக்கும் புரதமும் குறைவு. தண்ணீர் கலக்காமல், பொங்கியதும் இறக்கிய சூடான பாலை டபராவுக்கும் டம்ளருக்கும் ஒரு முழ உயரத்தில் நாலைந்து முறை மெல்லிய தாரையாக ஆற்றினால் குமிழி கடுகளவுக்குச் சிறுத்து நிற்கும். ஊற்றிய அரை நிமிடத்துக்குள் எடுத்த படத்தில் மட்டுமே நுரையை மதிப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் எந்தக் காபியும் தட்டையாகத்தான் இருக்கும்.

மேலே வெண்மையாக ஏதோ மிதக்கிறது என்று பயந்து அனுப்புவார்கள். மேற்பரப்பில் மட்டும் மெல்லிய தகடாகச் சுருங்கியிருந்தால் அது ஆடை, வடிகட்டினால் போயிற்று. கண்ணாடிச் சுவரெங்கும் ரவைபோலப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் பால் திரிந்துவிட்டது. பழைய பாலோ, முதல் நாள் வைத்துப் புளித்த டிகாக்‌ஷனோ காரணம். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.